போட்டோவில் வந்த ரயில் டிக்கெட்டைப் படிப்பது எப்படி?

"சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு ரயில் டிக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பி, 'இதை கேன்சல் பண்ணலாமா?' என்று மட்டும் கேட்டிருக்கிறார். வேறு விவரம் இல்லை, போனும் எடுக்கவில்லை. போட்டோவில் எதைப் பார்த்துப் பதில் சொல்வது? பணம் எவ்வளவு திரும்பும் என்று எந்த விதியைச் சரிபார்ப்பது?"

டிக்கெட் முன்பதிவுக் கடையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒற்றை வரிக் கேள்வியோடு வரும் போட்டோ வாரத்துக்கு நாலைந்தாவது இருக்கும். ரயில் கிளம்பும் வரை பெரும்பாலும் ஏதோ ஒரு வழியில் கேன்சல் செய்யலாம். அதனால் "பண்ணலாம்" என்று பதில் அனுப்பினால் பொய்யாகாது, ஆனால் அவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது பணம் வருமா, எவ்வளவு வரும், எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்பதுதான். இதில் பாதியைப் போட்டோவே சொல்லிவிடும். மீதிப் பாதியைப் போட்டோவை நம்பிச் சொல்லவே கூடாது.

முதலில் அது எந்த வகை டிக்கெட் என்று பாருங்கள். ஸ்டேஷன் கவுண்டரில் வாங்கியது நீளவாக்கில் இருக்கும் அச்சடித்த தாள். எழுத்துகள் சில நேரம் கட்டத்தை விட்டு இறங்கி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கும். இணையத்தில் எடுத்தது வெள்ளைத்தாளில் பிரிண்ட் போட்டதாகவோ போன் திரையாகவோ இருக்கும், மேலே `Electronic Reservation Slip` என்று போட்டிருக்கும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், வெயிட்டிங் லிஸ்ட் விஷயத்தில் இரண்டுக்கும் நடப்பது வேறு. இணைய டிக்கெட்டில் எல்லாருமே வெயிட்டிங்கில் இருந்து, சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியல், தயாரான பிறகும் இடம் கிடைக்கவில்லை என்றால் டிக்கெட் தானாகவே ரத்தாகும், பணமும் தானாகவே திரும்பும். கவுண்டர் டிக்கெட்டில் அப்படி நடக்காது. ரயில் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும் வரைக்கும்தான் அதை ஒப்படைத்துப் பணம் வாங்கலாம். "வெயிட்டிங்தானே, தானா வந்துரும்" என்று கவுண்டர் டிக்கெட்டைப் பர்ஸிலேயே வைத்திருந்து முழுப் பணத்தையும் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவுண்டர் டிக்கெட்டையும் ஐஆர்சிடிசி தளத்தில் ரத்து செய்யலாம். ஆனால் படிவத்தில் எழுதிக்கொடுத்த மொபைல் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அப்படி ரத்து செய்தாலும் பணத்தை அசல் தாளைக் கொடுத்துக் கவுண்டரில்தான் வாங்க வேண்டும், அதற்கும் நேர வரம்பு உண்டு. போட்டோவை நீட்டினால் பணம் தரமாட்டார்கள். எனவே போட்டோவில் கவுண்டர் டிக்கெட் இருந்தால், அசல் தாள் யார் கையில், எந்த ஊரில் இருக்கிறது என்று உடனே கேளுங்கள்.

அடுத்தது கோட்டா. ரயில் பெயர், வகுப்பு எல்லாம் இருக்கும் பகுதியிலேயே `GENERAL (GN)` என்றோ `TATKAL (TQ)` என்றோ `PREMIUM TATKAL (PT)` என்றோ இருக்கும். தட்கல் டிக்கெட் கன்பார்ம் ஆகியிருந்து, நாமாகக் கேன்சல் செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ரயிலே ரத்தானால், அல்லது டிக்கெட்டில் பயணம் தொடங்கும் ஸ்டேஷனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் பயணம் போகாமல் விட்டால் அது வேறு கணக்கு. வெயிட்டிங்கில் இருக்கும் தட்கலுக்குப் பணம் உண்டு. சிக்கல் என்னவென்றால், போட்டோ அனுப்புகிறவர்கள் பெயரும் சீட் நம்பரும் தெரிந்தால் போதும் என்று நினைத்து மேல்பகுதியை வெட்டிவிடுவார்கள். கோட்டா தெரியாத போட்டோவை வைத்துத் தொகை சொல்லவே சொல்லாதீர்கள். முழுத் தாளும் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ கேளுங்கள்.

மூன்றாவது, நாளும் நேரமும். `Departure` என்று இருப்பதைப் படியுங்கள், டிக்கெட் எடுத்த தேதியைப் பயணத் தேதி என்று நினைத்துவிடாதீர்கள். நள்ளிரவு ரயில்களில் இன்னும் கவனம் வேண்டும். 12-ஆம் தேதி 00:15 என்று போட்டிருந்தால், 11-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டிய ரயில் அது. "நாளை ராத்திரி தானே" என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் இன்னும் சில மணி நேரம்தான் மிச்சம் இருக்கும். `Booked From`, `Boarding At` இரண்டும் வேறு வேறாக இருந்தால், நான் எப்போதும் முந்தைய நேரத்தை வைத்தே கணக்குப் போடுவேன். அரை நாள் முன்னதாகக் கேன்சல் செய்வதால் நஷ்டம் இல்லை, பிந்தினால் உண்டு.

இனி போட்டோவை நம்பக் கூடாத இடம். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நிலை, டிக்கெட் எடுத்த நிமிஷத்தில் இருந்த நிலை. மூன்று வாரத்துக்கு முன் `WL/6` என்று இருந்தது இன்று கன்பார்ம் ஆகியிருக்கலாம், ஒரு படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்ளும் ஆர்ஏசி ஆகியிருக்கலாம். நாலு பேர் டிக்கெட்டில் ஒருவரை யாராவது ஏற்கெனவே ரத்து செய்திருக்கலாம். அதனால் போட்டோவில் உள்ள பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணை ஐஆர்சிடிசியிலோ 139-க்குப் போன் செய்தோ போட்டுப் பாருங்கள். இப்போதைய நிலை தெரியும், கூடவே `Chart Not Prepared` என்றோ `Chart Prepared` என்றோ காட்டும். இந்த இரண்டு தகவலும் கைக்கு வந்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசலாம்.

2023-ல் வந்த ஒரு போட்டோவை வைத்துச் சொல்கிறேன், இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று புரியும். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு ஒரு அம்மா அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை இரவு 9:40-க்கு எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில், மூன்றடுக்கு ஏசி, பொதுக் கோட்டா, இணைய டிக்கெட். ஒரே பிஎன்ஆரில் நாலு பேர்: மூன்று பேர் கன்பார்ம், பையன் மட்டும் `WL/6`. மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் யாரும் போகவில்லை. கணக்குக்கு ஆளுக்கு 860 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 3,440.

2015 நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த ரீஃபண்ட் விதிகள்தான் அப்போது இருந்தவை. கன்பார்ம் டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் ஆளுக்கு ஒரு நிலையான தொகை பிடிப்பார்கள்: மூன்றடுக்கு ஏசிக்கு 180, ஸ்லீப்பருக்கு 120. 48-க்கும் 12-க்கும் இடையில் என்றால் கட்டணத்தில் கால்வாசி. 12-க்கும் 4-க்கும் இடையில் பாதி. ஆனால் இந்தக் காலும் பாதியும் அந்த நிலையான தொகைக்குக் கீழே இறங்காது. நாலு மணி நேரத்துக்குள் என்றால் கன்பார்ம் டிக்கெட்டுக்கு ஒன்றும் கிடையாது. ஏசி வகுப்புகளில் பிடித்தத்தின் மேல் ஜிஎஸ்டியும் சேரும். வியாழன் காலை 11-லிருந்து வெள்ளி இரவு 9:40 வரை எண்ணினால் 34 மணி 40 நிமிஷம். ஆக, கால்வாசிப் பிடித்தம்: ஆளுக்கு 215, ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 226. போட்டோவை மட்டும் பார்த்து நாலு பேரும் கன்பார்ம் ஆகியிருப்பார்கள் என்று நான் ஊகித்திருந்தால், சுமார் 900 ரூபாய் போய்விடும், 2,540 திரும்பும் என்று பதில் சொல்லியிருப்பேன்.

பிஎன்ஆர் போட்டுப் பார்த்தேன். பையன் இன்னும் வெயிட்டிங்கில், இரண்டாவது இடத்தில் இருந்தான். இதனால் கணக்கே மாறியது. ஒரே டிக்கெட்டில் சிலர் கன்பார்ம், சிலர் ஆர்ஏசி அல்லது வெயிட்டிங் என்று இருந்து, எல்லாரையும் சேர்த்து, ரயில் கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்பு வரை ரத்து செய்தால், கன்பார்ம் ஆனவர்களுக்கும் கிளர்க்கேஜ் எனப்படும் சிறு தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இடம் இல்லாதபோது மற்றவர்களைப் போகச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் இருக்கும் நியாயம். கிளர்க்கேஜ் ஆளுக்கு 60, ஏசி என்பதால் ஜிஎஸ்டியோடு 63. நாலு பேருக்கு 252 பிடித்து 3,188 திரும்ப வேண்டும். முன்பு சொன்ன தொகைக்கும் இதற்கும் 650 ரூபாய் வித்தியாசம்.

அந்த அம்மா அப்போது ஒரு கேள்வி கேட்டார்கள்: "தம்பி, வெயிட்டிங்ல இருக்குற பையனை மட்டும் முதல்ல எடுத்துரட்டுமா? மத்தவங்களை சாயங்காலம் யோசிச்சு பண்றேன்." கேட்டதால் நல்லதாகப் போயிற்று. பையனை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் மூன்று பேரும் கன்பார்ம். கலப்பு டிக்கெட்டுக்கான சலுகை அத்தோடு போய்விடும், அந்த மூவருக்கும் கால்வாசிப் பிடித்தம் விழும். சாயங்காலம் வரை காத்திருப்பதிலும் இதே ஆபத்து இருந்தது. வேறு பலர் ரத்து செய்துவிட்டால் பையனுக்கும் முழு இடம் வந்துவிடும், நாலு பேரும் கன்பார்ம் ஆகிவிடுவார்கள். வழக்கமாக நாம் சந்தோஷப்படும் செய்தி, போகப்போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு 650 ரூபாய் செலவு. "நாலு பேரையும் ஒரே தடவையில், இப்பவே பண்ணுங்கம்மா" என்று சொன்னேன்.

ஆனால் அவர்களால் பண்ண முடியவில்லை. டிக்கெட் அவர்களுடைய தம்பியின் ஐஆர்சிடிசி கணக்கிலிருந்து எடுத்தது. எந்தக் கணக்கில் எடுத்தார்களோ அதற்குள் போய்த்தான் கேன்சல் செய்ய முடியும், பணமும் அன்றைக்குச் செலுத்திய வங்கிக் கணக்குக்கோ கார்டுக்கோதான் திரும்பும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அந்த ஏஜென்ட்தான் செய்ய வேண்டும், பயணி கொடுத்த மொபைல் எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் பணம் முறையாகப் பயணிக்கு வந்து சேரும். போட்டோவில் இருக்கும் பெயர்கள் பயணிகளின் பெயர்கள்; அவர்களில் யாரும் டிக்கெட் எடுத்தவராக இருக்க வேண்டியதில்லை. தம்பி வேலையிலிருந்து மதியம் போன் எடுத்து, நாலு பேரையும் டிக் செய்து ரத்து செய்தார். ஐஆர்சிடிசியின் சேவைக் கட்டணமும் பயணக் காப்பீட்டுக்குக் கட்டிய சில்லறையும் எப்படியும் திரும்பாது.

அதே 2015 விதிகளில், ஸ்லீப்பர் டிக்கெட்டாக இருந்திருந்தால் இதே மணிக்கணக்கு வேறு மாதிரி போயிருக்கும். 330 ரூபாய் டிக்கெட்டுக்குக் கால்வாசி என்றால் 82 ரூபாய் ஐம்பது காசு. அது குறைந்தபட்சமான 120-க்குக் கீழே இருப்பதால் 120-தான் பிடித்திருப்பார்கள். 48 மணி நேரத்துக்கு முன்பு செய்தாலும் அதே 120. அதாவது 480 ரூபாய்க்குள் இருக்கும் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு அந்த 48 மணி நேர எல்லையைத் தாண்டிவிட்டோமே என்று அப்போது பதறத் தேவை இருக்கவில்லை. பாதி பிடிக்கும் எல்லைக்கு முன்பு செய்தால் போதுமாக இருந்தது. தூரப் பயணத்துக்கும் ஏசிக்கும்தான் முதல் எல்லை வலிக்கும்.

இப்போது உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சரிபார்க்க வேண்டியதையும் பிரித்துவிடுகிறேன். விதியின் பொதுவான அமைப்பு உறுதி: முன்கூட்டிச் செய்தால் குறைந்த பிடித்தம், பிறகு கூடுதல் பிடித்தம், பிறகு திரும்புவது பூஜ்யம், வெயிட்டிங், ஆர்ஏசிக்குக் கிளர்க்கேஜ், கன்பார்ம் தட்கலுக்கு ஒன்றும் இல்லை. மாறக்கூடியவை மணி எல்லைகளும் தொகைகளும். சார்ட் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் ரயில் கிளம்ப நாலு மணி நேரத்துக்கு முன்பு சார்ட் போட்டார்கள். 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், மதியம் 2 மணிக்குள் கிளம்பும் ரயில்களுக்கு முந்தைய இரவு 9 மணிக்கே சார்ட் என்று அப்போது வைத்தார்கள். வந்தே பாரத் ஸ்லீப்பர் வந்தபோது அதற்கென்று தனி அட்டவணையே போட்டார்கள், அதில் எல்லைகள் 72 மணியும் 8 மணியும். ஆகவே 48, 12, 4 என்ற எண்களை 2023-ல் நடந்த ஒரு கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் டிக்கெட்டுக்கு, ஐஆர்சிடிசி தளத்தின் ரத்து விதிகள் பக்கத்தை இன்றைக்கே திறந்து, அந்த வகை ரயிலுக்கும் அந்த வகுப்புக்கும் உள்ள எல்லையைப் பாருங்கள். செய்தித்தாளில் வந்ததையும் யாரோ ஃபார்வர்டு செய்ததையும் வைத்துத் தொகை சொல்ல வேண்டாம். கணக்கின் சொந்தக்காரர் `Cancel Ticket` அழுத்தப் போகும்போது, எல்லாப் பயணிகளும் தேர்வாகியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சார்ட் நேரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சார்ட் போட்ட பிறகு இணையத்தில் சாதாரண கேன்சல் வேலை செய்யாது. அதோடு சார்ட் என்பது பெரும்பாலும் ரயில் புறப்படும் ஊரை ஒட்டிப் போடுவது. நடுவழியில் ஏறுகிறவர், தன் ஸ்டேஷனுக்கு ரயில் வர இன்னும் பல மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருப்பார், சார்ட் முடிந்திருக்கும். அதன் பிறகு இருப்பது டிடிஆர், அதாவது காரணத்தைச் சொல்லி இணையத்திலேயே போடும் ரீஃபண்ட் மனு. ஆர்ஏசியில் இருப்பவர் கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், ரயில் நம் ஸ்டேஷனிலிருந்து உண்மையில் கிளம்புவதற்கு முன் போட வேண்டும். டிடிஆர் போட்டுவிட்டாலே பணம் உறுதி என்று யாருக்கும் சொல்லாதீர்கள். அதை ரயில்வே பரிசீலித்து முடிவு செய்யும், நாளும் ஆகும்.

இன்னொன்று. பிஎன்ஆர் தெரியும் டிக்கெட் போட்டோவைப் பொது இடத்தில் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். "ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று வரும் போன்கள் இப்படிக் கிடைத்த விவரங்களை வைத்துத்தான் நம்ப வைக்கின்றன. ரீஃபண்டுக்காக ஆப் இறக்கவோ கார்டு எண் சொல்லவோ எந்தத் தேவையும் இல்லை.

சித்தப்பா போன் எடுக்காவிட்டாலும் மெசேஜ் பார்ப்பார் அல்லவா? இப்படி அனுப்புங்கள்: "சித்தப்பா, முழு டிக்கெட்டும் தெரியுற மாதிரி இன்னொரு போட்டோ அனுப்புங்க. இது கவுண்டர்ல எடுத்ததா, ஆன்லைன்லயா? ஆன்லைன்னா யார் ஐடில எடுத்தீங்க? கவுண்டர்னா ஒரிஜினல் எங்க இருக்கு? எல்லாருமே போகலையா, சிலர் மட்டுமா? நான் சொல்ற வரைக்கும் யாரையும் தனியா கேன்சல் பண்ணிடாதீங்க." அவர் பதில் வருவதற்குள் நீங்கள் பிஎன்ஆர் நிலையையும், ரயில் கிளம்ப எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதையும் பார்த்து வைத்துவிடுங்கள்.